அதே அட்சரேகை, அதே தீர்க்கரேகை, வேறு இடம்: வரைபட விலகலை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய அளவைப் பட்டியலில் இருக்கும் ஓர் எல்லைக்கல்லின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எடுத்து இணைய வரைபடத்தில் இடுகிறீர்கள். புள்ளி விழுகிறது, ஆனால் கல் இருக்கும் இடத்தில் இல்லை. எண்ணைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாலும் பிழை ஒன்றும் தென்படாது. பெரும்பாலும் எண்ணில் பிழை இருக்கவும் இருக்காது. அந்த எண் எந்த மாதிரிப் பூமியின் மேல் அளக்கப்பட்டது என்பதை அதனுடன் சேர்த்து யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் கோளாறு. அந்த மாதிரிக்கும் அதைப் பூமியோடு பிணைக்கும் முறைக்கும் சேர்த்து டேட்டம் என்று பெயர்.

கோளாறு பல இடங்களில் ஒளிந்திருக்கலாம். ஒவ்வொன்றும் விட்டுச்செல்லும் தடயம் வேறு. ஆகவே மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் தடயத்தை எடுத்துவிடுங்கள்.

## முதலில் விலகலை அளங்கள்

"கொஞ்சம் தள்ளி விழுகிறது" என்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இடம் உறுதியாகத் தெரிந்த புள்ளிகள் மூன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. ஒவ்வொன்றிலும் புள்ளி விழுந்த இடத்துக்கும் விழ வேண்டிய இடத்துக்கும் உள்ள தூரத்தை வடக்கு-தெற்காகவும் கிழக்கு-மேற்காகவும் தனித்தனியே மீட்டரில் எழுதுங்கள். விகலை என்பது பாகையின் 3600இல் ஒரு பங்கு. அட்சரேகையில் ஒரு விகலை என்பது ஏறத்தாழ 31 மீட்டர். தீர்க்கரேகையில் ஒரு விகலை நடுக்கோட்டில் அதே 31 மீட்டர். துருவத்தை நோக்கிப் போகப் போக அட்சரேகையின் கொசைன் அளவுக்குச் சுருங்கும்.

விலகல் கிலோமீட்டர் கணக்கில் வந்தால் அது அனேகமாக டேட்டம் கோளாறு அல்ல. 35°39′17″ என்பதை 35.3917 என்று தட்டச்சு செய்தால் புள்ளி சுமார் 29 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். கலையையும் விகலையையும் பாகையின் பதின்மப் பகுதியாக மாற்ற மறந்ததன் விளைவு அது. கிழக்கு-மேற்கில் சரியாக இருந்து வடக்கு-தெற்கில் மட்டும் இருபது கிலோமீட்டர் போல விலகினால், துருவங்களில் சற்றே தட்டையான உருண்டைக்குரிய கணக்கையும் முழு உருண்டைக்குரிய கணக்கையும் யாரோ கலந்துவிட்டார்கள். புள்ளி வேறு கண்டத்தில் விழுந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. இந்த மூன்றும் இல்லை என்று உறுதியான பிறகு கீழே போகலாம்.

## அறிகுறி: எல்லாப் புள்ளிகளும் சில நூறு மீட்டர், ஏறத்தாழ ஒரே திசையில்

டேட்டம் கோளாறின் அசல் முகம் இதுதான். இது ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற அறிகுறிகள் எளிதாகிவிடும் என்பதால், இங்கே சற்று நின்று பார்ப்போம்.

பூமி முழு உருண்டை அல்ல. நடுக்கோட்டு ஆரம் 6378.137 கிலோமீட்டர், துருவ ஆரம் 6356.752 கிலோமீட்டர். இருபத்தொரு கிலோமீட்டருக்கு மேல் தட்டை. கணக்குப் போடுவதற்காக இந்தத் தட்டை உருண்டையை எலிப்சாய்டு என்ற வழவழப்பான வடிவமாக எடுத்துக்கொள்கிறோம். ஓர் இடத்தின் அட்சரேகை என்பது, அந்த இடத்தில் எலிப்சாய்டின் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் கோடு நடுக்கோட்டுத் தளத்தோடு உண்டாக்கும் கோணம். பூமியின் மையத்திலிருந்து இழுத்த கோட்டின் கோணம் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி இல்லை. செங்குத்துக் கோட்டைத்தான் பார்க்கிறோம். ஆகவே அந்தச் செங்குத்து சற்றே சாய்ந்தாலும் அட்சரேகை மாறிவிடும்.

செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் அந்தச் செங்குத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தூக்குக்குண்டையும் மட்டக்குமிழையும் வைத்துத்தான். கருவியை மட்டம் செய்து, விண்மீன்களைப் பார்த்து, தலைக்கு நேர் மேலே வானத்தில் எந்தப் புள்ளி இருக்கிறது என்று அளந்தார்கள். ஆனால் தூக்குக்குண்டு எலிப்சாய்டுக்குக் கட்டுப்பட்டதல்ல, ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டது. பக்கத்தில் மலைத்தொடர் இருந்தால் அந்தப் பக்கம் சற்றே இழுபடும். மறுபக்கம் ஆழ்கடல் அகழி இருந்தால், அங்கே பாறைக்குப் பதில் தண்ணீர் இருப்பதால், இழுப்பு குறையும். குண்டு ஒரே ஒரு விகலை சாய்ந்தால் போதும்: அளக்கப்பட்ட இடம் 31 மீட்டர் தள்ளிப் போய்விடும். பத்து விகலைச் சாய்வு அபூர்வமானதல்ல.

இதற்கு ஜப்பானின் பழைய தேசிய அளவையைப் போலத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. டோக்கியோவில் பழைய வானாய்வகம் இருந்த இடத்தில் ஒரு தொடக்கப் புள்ளியை நிறுவி, அதன் ஆயத்தொலைவை விண்மீன் பார்த்து நிர்ணயித்து, பெசல் 1841 என்ற எலிப்சாய்டின் மேல் நாடு முழுவதையும் முக்கோண வலையாக அளந்தார்கள். டோக்கியோ டேட்டம் என்பது அதுதான். 2002 ஏப்ரலில் ஜப்பான் அதைக் கைவிட்டு, பூமியின் நிறை மையத்தை அடிப்படையாகக் கொண்ட JGD2000 என்ற டேட்டத்துக்கு மாறியது. தரையில் அதே புள்ளிக்கு இரண்டு முகவரிகள்:

```
Tokyo    35°39′17.5148″ N   139°44′40.5020″ E
JGD2000  35°39′29.1572″ N   139°44′28.8759″ E
```

அட்சரேகையில் வித்தியாசம் 11.6424 விகலை. அந்த இடத்தில் ஒரு விகலை 30.82 மீட்டர் என்பதால், சுமார் 359 மீட்டர். தீர்க்கரேகையில் 11.6261 விகலை, விகலைக்கு 25.15 மீட்டர் வீதம் சுமார் 292 மீட்டர். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 463 மீட்டர். அதாவது, டோக்கியோ டேட்டத்தில் அளந்த எண்ணை அப்படியே இன்றைய வரைபடத்தில் போட்டால் புள்ளி கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் தென்கிழக்கே விழும்.

ஏன் தென்கிழக்கே? அந்தப் புள்ளிக்கு வடமேற்கில் தீவின் நிலப்பரப்பும் மலைகளும். தென்கிழக்கில் கடலும் ஆழ்ந்த அகழிகளும். தூக்குக்குண்டு வடமேற்குப் பக்கம் இழுபட, அதன் மறுமுனை சுட்டும் உச்சிப்புள்ளி வானத்தில் தென்கிழக்கே சாய்கிறது. விண்மீனைப் பார்த்தவர்கள் தாங்கள் தென்கிழக்கே இருப்பதாகவே எழுதினார்கள். அவர்களுடைய கருவி பழுதில்லை, கண்ணும் பழுதில்லை. அவர்கள் அளந்தது தூக்குக்குண்டின் திசையை. அதைச் சரியாகவே அளந்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று உண்டு. அந்தத் தொடக்கப் புள்ளியின் தீர்க்கரேகையை 1918இல் மறு நிர்ணயம் செய்து 10.405 விகலை கூட்டினார்கள். அதற்கு முன்பிருந்த எண் 139°44′30.097″. இன்றைய எண்ணோடு ஒப்பிட்டால் அது வெறும் 1.2 விகலைதான் வேறுபடுகிறது! வானியல் கணக்கைத் திருத்தியபோது, செயற்கைக்கோள் காலத்தின் எண்ணிலிருந்து அது இன்னும் விலகிப் போனது. பழைய பிழை ஒன்று தூக்குக்குண்டின் சாய்வைத் தற்செயலாக ஏறக்குறைய ஈடுகட்டிக்கொண்டிருந்தது. "துல்லியமான அளவீடு" என்பதும் "இன்னொரு வரைபடத்தோடு பொருந்தும் அளவீடு" என்பதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஜப்பானின் பழைய வரைபடங்களோடு வேலை செய்பவர்களுக்கு இதில் நடைமுறைப் பயனும் உண்டு: 1918க்கு முந்தைய தாளில் கிழக்கு-மேற்கு விலகல் பிந்தைய தாளில் இருப்பதைப் போல இருக்காது.

தொடக்கப் புள்ளியில் முழு விலகலும் இப்படித் தூக்குக்குண்டால் வந்தது. அங்கிருந்து விலகிப் போகும்போது இன்னொன்று சேர்கிறது. பெசல் எலிப்சாய்டு இன்றைய எலிப்சாய்டை விடச் சுமார் 740 மீட்டர் சிறிய நடுக்கோட்டு ஆரமும் சற்றே குறைந்த தட்டையும் கொண்டது. அதை டோக்கியோவில் பிடித்துப் பூமியோடு பொருத்தியதால், அதன் மையம் பூமியின் நிறை மையத்திலிருந்து 860 மீட்டர் அளவுக்குத் தள்ளி நிற்கிறது. ஆகவே விலகல் நாடு முழுவதும் ஒரே மாதிரி இல்லை: டோக்கியோவில் 450 மீட்டருக்கு மேல், வடக்கே சப்போரோவிலும் தென்மேற்கே புகுவோகாவிலும் ஏறத்தாழ 400 மீட்டர், திசையும் சற்று வேறு. வரைபட அடுக்கைப் பிடித்து 359 மீட்டர் வடக்கேயும் 292 மீட்டர் மேற்கேயும் கையால் இழுத்து வைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு நகரத்துக்குள் அது போதும். நூறு கிலோமீட்டர் தாண்டினால் பிழை மறுபடி தலைகாட்டும்.

சரிசெய்யும் வழி இரண்டு படி. முதலில், இந்த எண்கள் டோக்கியோ டேட்டத்தைச் சேர்ந்தவை என்று மென்பொருளிடம் அறிவியுங்கள். அதன் பிறகு, புதிய டேட்டத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். QGIS மென்பொருளில் முதல் வேலைக்கு Set Layer CRS. இரண்டாவது வேலைக்கு Reproject Layer. முதலாவது எண்ணைத் தொடாது, பெயரை மட்டும் ஒட்டும். இரண்டாவதுதான் எண்ணை மாற்றும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதே நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பங்கு. ஒரே ஒரு புள்ளியை வைத்துச் சோதிக்க PROJ கருவி போதும். அதில் டோக்கியோ டேட்டத்தின் குறியீடு EPSG:4301, JGD2000இன் குறியீடு EPSG:4612:

```
echo "35.65486522 139.74458389" | cs2cs -f "%.8f" EPSG:4301 EPSG:4612
```

விடை 35.6581, 139.7414 என்ற எண்களை ஒட்டி வர வேண்டும். உள்ளே போட்ட எண்ணே வெளியே வந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி: மாற்றினேன், நகரவே இல்லை, அல்லது வடக்கு-தெற்கில் 60 மீட்டர் மட்டும் நகர்ந்தது

எலிப்சாய்டின் பெயரைச் சொல்லிவிட்டு டேட்டத்தைச் சொல்லாமல் விட்டதன் அடையாளம் இது. "பெசல் 1841" என்று மட்டும் தேர்ந்தெடுத்தால், வடிவம் என்ன என்று மென்பொருளுக்குத் தெரியும். அந்த வடிவத்தைப் பூமியில் எங்கே வைத்தார்கள் என்று தெரியாது. தெரியாதபோது பல மென்பொருள்கள் எண்ணை அப்படியே கடத்திவிடும். எச்சரிக்கை கூடக் காட்டாமல் கடத்தும் மென்பொருளும் உண்டு. இதைப் பெரிய அநியாயம் என்றே சொல்வேன்.

இன்னொரு வகை, வரையறையில் `+towgs84=0,0,0` என்று எழுதியிருப்பது. மையம் இரண்டுக்கும் ஒன்றே என்று இதன் பொருள். அப்போது வடிவ வித்தியாசம் மட்டும் கணக்கில் வரும்: டோக்கியோவின் அட்சரேகையில் சுமார் 60 மீட்டர் வடக்கே நகரும், கிழக்கு-மேற்கில் துளியும் நகராது. 463 மீட்டர் விலகலில் எலிப்சாய்டின் வடிவத்தால் மட்டும் நீங்கக்கூடியது அவ்வளவுதான். "எலிப்சாய்டு வேறு, அதனால்தான் வித்தியாசம்" என்று சொல்லி முடித்துவிடுபவர்களுக்கு இந்த 60 மீட்டரைக் காட்டலாம்.

இருக்க வேண்டிய எண்கள் இவை. ஜப்பானிய அளவையில் டோக்கியோ டேட்டத்திலிருந்து JGD2000க்கு மையத்தை நகர்த்தும் அளவு, மூன்று அச்சுகளில், மீட்டரில்:

```
+proj=longlat +ellps=bessel +towgs84=-146.414,507.337,680.507
```

இதைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தால் தொடக்கப் புள்ளி வடக்கே சுமார் 360 மீட்டரும் மேற்கே சுமார் 293 மீட்டரும் நகர்கிறது. நாம் மேலே கண்ட 359, 292 என்ற எண்களோடு ஒரு மீட்டருக்குள் பொருந்துகிறது.

## அறிகுறி: மாற்றிய பிறகு எதிர்த்திசையில் போய்விட்டது, அல்லது விலகல் இரட்டிப்பானது

அளந்து வைத்த விலகல் இங்கே கைகொடுக்கும். புள்ளி முன்பு சரியாக விழுந்து, மாற்றிய பிறகு 463 மீட்டர் வடமேற்கே போயிருந்தால், எண்கள் ஏற்கெனவே புதிய டேட்டத்தில் இருந்தன. நீங்கள் இரண்டாம் முறை மாற்றிவிட்டீர்கள். பழைய கோப்பை யாரோ முன்பே திருத்திவிட்டு, கோப்பின் பெயரையும் விவரக் குறிப்பையும் திருத்தாமல் விட்டிருப்பார்கள்.

முன்பு 463 மீட்டர் தென்கிழக்கே இருந்தது இப்போது 926 மீட்டர் தென்கிழக்கே போயிருந்தால், மாற்றம் தலைகீழாக நடந்திருக்கிறது. மூன்று எண்களின் குறி எந்தத் திசைக்கு என்று பார்க்காமல் ஏதோ ஒரு பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டால் இப்படி நடக்கும். குறிகளை மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

## அறிகுறி: பெரிய விலகல் போய்விட்டது, சில மீட்டர் மிச்சம் இருக்கிறது

பலர் இந்த இடத்தில் திருப்தியடைந்து நிறுத்திவிடுகிறார்கள். வேலைக்கு அது போதுமென்றால் தவறில்லை. போதாது என்றால் காரணத்தைத் தேட வேண்டும்.

முதல் காரணம், ஒரே டேட்டம் இணைக்குப் பல மாற்றங்கள் இருப்பது. டோக்கியோ டேட்டத்துக்கே −148, 507, 685 என்ற இன்னொரு மூன்றெண் தொகுப்பு உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அது பரந்த பகுதிக்கான சராசரி. அதைப் பயன்படுத்தினால் தொடக்கப் புள்ளியிலேயே நான்கைந்து மீட்டர் கூடுதலாக வடக்கே போகும். வேறு இடங்களில் அதைவிட அதிகமாகவும் தவறலாம். உங்கள் மென்பொருள் எதை எடுத்தது என்று பார்க்க:

```
projinfo -s EPSG:4301 -t EPSG:4612 --summary
```

வரும் பட்டியலில் ஒவ்வொரு மாற்றத்தின் பக்கத்திலும் அதன் துல்லியம் மீட்டரிலும், அது செல்லுபடியாகும் நிலப்பரப்பும் இருக்கும். உங்கள் இடத்தைத் தழுவும் மாற்றங்களில் துல்லியமானதைத் தேர்ந்தெடுங்கள். Ballpark என்ற சொல் தென்பட்டால், அது டேட்டம் வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காத மாற்றம். அதைத் தொட வேண்டாம்.

இரண்டாவது காரணம் ஆழமானது. மையத்தை நகர்த்தி, வேண்டுமானால் அச்சைச் சுழற்றி, அளவுகோலையும் திருத்தினாலும், பழைய அளவை வலையின் உள்ளே இருக்கும் நெளிவுகள் போகாது. நூறாண்டுக்கு முந்தைய முக்கோண வலையில், தொடக்கப் புள்ளியிலிருந்து விலக விலகச் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. ஒரு பகுதியில் வலை கிழக்கே நெளிந்திருக்கும், அடுத்த பகுதியில் வடக்கே. மையத்தை நகர்த்தும் மூன்றெண்ணாலும் சரி, சுழற்சிக்கு மூன்றும் அளவுகோலுக்கு ஒன்றும் அதோடு சேர்ந்த ஏழெண்ணாலும் சரி, இதை ஈடுகட்ட முடியாது. ஆகவேதான் அளவைத் துறைகள் கட்டம் கட்டமாகத் திருத்த அட்டவணை வெளியிடுகின்றன. ஒவ்வொரு கட்ட முனைக்கும் எவ்வளவு விகலை கூட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். ஜப்பானுக்கு TKY2JGD, வட அமெரிக்காவின் பழைய NAD27 டேட்டத்துக்கு NADCON என்று அவை இருக்கின்றன. அட்டவணைக் கோப்பு உங்கள் கணினியில் இல்லையென்றால் மென்பொருள் அடுத்த தரத்து மாற்றத்துக்கு இறங்கிவிடும். ஒரே கோப்பை இரண்டு கணினிகளில் மாற்றி இரண்டு விடை வந்தால், முதலில் இந்தக் கோப்பு இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஏழெண் மாற்றத்தில் சுழற்சியின் குறி. Position Vector, Coordinate Frame என்று இரண்டு மரபுகள் உள்ளன. ஒன்றில் கூட்டல் குறியுள்ள சுழற்சி மற்றதில் கழித்தல். ஒரு விகலைச் சுழற்சி பூமிப் பரப்பில் 31 மீட்டர் வரை நகர்த்தும். குறி தவறினால் பிழை அதன் இரு மடங்கு வரை. நகர்வு எண்கள் மூன்றும் சரியாக இருக்க, சுழற்சிக் குறி மட்டும் தவறியிருக்கும் கோப்பு பார்வைக்குக் கிட்டத்தட்டச் சரி போலவே இருக்கும். அதனாலேயே இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

நாலாவது, செயற்கைக்கோள் படமே சில மீட்டர் தள்ளியிருக்கலாம். மலைச்சரிவில் இது சகஜம். ஆகவே பொருத்தம் பார்க்கப் படத்தை மட்டும் நம்பாமல், அளவைத் துறை ஆயத்தொலைவு வெளியிட்டிருக்கும் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: விலகல் ஊருக்கு ஊர் ஒழுங்கில்லாமல் மாறுகிறது

மூன்று புள்ளிகளில் அளந்த விலகலின் அளவும் திசையும் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே எந்த ஒழுங்குமின்றி மாறினால், தூக்குக்குண்டைக் குறை சொல்லாதீர்கள். சீனாவின் இணைய வரைபடங்கள் GCJ-02 என்ற முறையைப் பின்பற்றுகின்றன. அதில், ஜி.பி.எஸ் பயன்படுத்தும் WGS84 என்ற டேட்டத்தின் எண்ணின் மேல் இடத்துக்கு இடம் மாறும் ஒரு செயற்கையான விலகலை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். சில நூறு மீட்டர் வரை போகும். இதை எந்த டேட்டம் மாற்றமும் தீர்க்காது, ஏனென்றால் இது பூமியின் வடிவத்தால் வந்ததல்ல. ஜி.பி.எஸ் தடமும் அந்த வரைபடத்தின் சாலையும் பொருந்தாமல் இருந்தால் இரண்டையும் ஒரே முறையில் கொண்டுவர வேண்டும். வேறு வழியில்லை.

## அறிகுறி: இடம் சரி, உயரம் மட்டும் பத்து மீட்டர் கணக்கில் தவறு

கடற்கரையில் நிற்கும்போது கருவி உயரத்தைக் கழித்தல் குறியோடு பல பத்து மீட்டராகக் காட்டினால், அது எலிப்சாய்டிலிருந்து அளந்த உயரம். நாம் அன்றாடம் சொல்லும் உயரம் கடல் மட்டத்திலிருந்து, அதாவது தூக்குக்குண்டு எங்கும் செங்குத்தாக நிற்கும் ஜியாய்டு என்ற மேடுபள்ளமான பரப்பிலிருந்து. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு எலிப்சாய்டுக்கு 106 மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. நியூ கினிப் பக்கம் 85 மீட்டர் அளவுக்கு மேலே எழும்பியிருக்கிறது. கருவி காட்டும் உயரத்திலிருந்து அந்த இடத்தின் ஜியாய்டு உயரத்தைக் குறியோடு கழித்துவிடுங்கள். கருவியின் அமைப்பில் ஜியாய்டு மாதிரி ஏற்கெனவே இயங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இயங்கினால் நீங்கள் கழிக்க வேண்டாம், கழித்தால் இரு முறை கழிபடும்.

## அறிகுறி: எல்லாம் WGS84 என்கிறது, ஆனாலும் ஒன்றிரண்டு மீட்டர் பொருந்தவில்லை

நவீன டேட்டங்களுக்குள்ளேயே வரும் இந்த விலகல், தூக்குக்குண்டின் காலம் முடிந்த பிறகு பிறந்தது. கண்டத்தட்டுகள் நகர்கின்றன. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு 7 சென்டிமீட்டர் போல வடகிழக்கே போகிறது. அங்கே GDA94 என்ற டேட்டம் 1994ஆம் ஆண்டில் தட்டு இருந்த நிலையோடு ஆயத்தொலைவுகளைக் கட்டிப்போட்டது. தட்டோடு சேர்ந்து கற்கள் நகர்ந்தாலும் எண்கள் மாறவில்லை. 2020க்குக் கணக்கிட்ட GDA2020 வந்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் 1.8 மீட்டர் ஆகியிருந்தது.

இப்போது ஓர் அடுக்கு GDA94, இன்னொன்று GDA2020 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் "பொதுவாக இருக்கட்டும்" என்று WGS84இன் குறியீடான EPSG:4326க்கு மாற்றுகிறீர்கள். இரண்டு மாற்றத்திலும் எண் ஒன்றும் மாறாமல் வரலாம், ஏனென்றால் இரண்டும் WGS84க்குச் சமம் என்றே மென்பொருள் பட்டியலில் தோராயமாகப் பதிவாகியிருக்கிறது. முடிவில் இரண்டு அடுக்கும் ஒரே பெயரோடு, 1.8 மீட்டர் இடைவெளியோடு நிற்கும். WGS84 என்பது ஒரே டேட்டம் அல்ல. காலப்போக்கில் பல முறை திருத்தப்பட்ட ஒரு குடும்பத்தின் பொதுப்பெயர். EPSG:4326 என்ற குறியீட்டுக்கு ஏறத்தாழ 2 மீட்டருக்குக் கீழே துல்லியம் எதிர்பார்க்க முடியாது.

இதைத் தவிர்க்க WGS84 வழியாகப் போகாதீர்கள். GDA94இன் குறியீடான EPSG:4283 என்பதிலிருந்து GDA2020இன் குறியீடான EPSG:7844க்கு நேரடியாக மாற்றுங்கள். நிலநடுக்கம் நடந்த பகுதி என்றால் தேதியையும் பாருங்கள்: 2011 மார்ச் நிலநடுக்கத்தில் டோக்கியோவின் தொடக்கப் புள்ளியே 27 சென்டிமீட்டர் கிழக்கே நகர்ந்து, அதன் தீர்க்கரேகை 139°44′28.8869″ ஆனது. அதற்குப் பிந்தைய அளவைகளுக்கு JGD2011, அதாவது EPSG:6668. சென்டிமீட்டர் துல்லியம் வேண்டும் வேலையில் ஆயத்தொலைவோடு டேட்டத்தின் பெயர், அதன் பதிப்பு, அளந்த தேதி மூன்றையும் அதே வரிசையில் எழுதிக் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.